ஐந்தாண்டுத் தேர்ச்சி அறிக்கை: பாடவாரியாகத் தயாரிப்பது எப்படி?

இறுதித் தேர்வு முடிவு வந்த கையோடு பள்ளியில் யாராவது ஒருவருக்கு இந்த வேலை வந்து சேரும்: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு பாடத்திலும் தேர்ச்சி விகிதம் எப்படி இருந்தது, ஏறியதற்கும் இறங்கியதற்கும் என்ன காரணம், இனி என்ன செய்யப்போகிறோம் என்று ஓர் அறிக்கை வேண்டும். முதன்முறையாக இதைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் சதவீதங்களைப் பட்டியலிட்டு, குறைந்த பாடத்தின் பக்கத்தில் ‘மாணவர்களிடம் ஆர்வக் குறைவு’ என்று எழுதி, அதற்கு எதிரே ‘சிறப்பு வகுப்பு நடத்தப்படும்’ என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதிய அறிக்கையை வைத்து யாராலும் எந்த முடிவும் எடுக்க முடியாது. சில சமயம் நன்றாக நடக்கும் ஒன்றை நிறுத்திவிடவும் அது காரணமாகிவிடும். அது எப்படி என்பதைக் கணிதப் பாடத்தை வைத்துக் கடைசிவரை பார்ப்போம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. வழிமுறையை எந்தப் பாடத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் பட்டியல், பிறகுதான் சதவீதம்

பழைய அறிக்கைகளில் இருக்கும் சதவீதங்களை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். ஒரு வருடம் பதிவு செய்த அனைவரையும் வைத்து வகுத்திருப்பார்கள். மறு வருடம் தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்து வகுத்திருப்பார்கள். 100 பேர் பதிவு செய்து, 90 பேர் எழுதி, 81 பேர் தேறினால் ஒரு கணக்கில் அது 81 சதவீதம், இன்னொரு கணக்கில் 90 சதவீதம். இரண்டும் தவறில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் இல்லாத ஏற்றமும் இல்லாத வீழ்ச்சியும் தெரியும்.

ஆகவே மதிப்பெண் பட்டியல்களிலிருந்தே தொடங்குங்கள். ஒரு மாணவர், ஒரு பாடம், ஓர் ஆண்டு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரு வரிசை. பத்திகள் ஆறு போதும்: ஆண்டு, பாடம், முதல்முறையா மறுமுறையா, மதிப்பெண், முடிவு, மாணவர் பெயர். முடிவுப் பத்தியில் ‘தேர்ச்சி’, ‘தோல்வி’, ‘வரவில்லை’ என்ற மூன்று சொற்களைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது. இந்த ஒழுங்கு இருந்தால் வேண்டிய எண்ணிக்கையை ஒரே சூத்திரத்தில் எடுத்துவிடலாம். ஐந்தாம் ஆண்டில் கணிதத்தை முதல்முறை எழுதித் தேறியவர்கள் எத்தனை பேர் என்பதற்கு:

```
=COUNTIFS(A:A,5,B:B,"கணிதம்",C:C,"முதல்முறை",E:E,"தேர்ச்சி")
```

அறிக்கையின் ஒவ்வொரு பாடத்துக்கும் பதிவு செய்தோர், எழுதியோர், தேறியோர் என்ற மூன்று எண்ணிக்கைகளையும் காட்டுங்கள். எழுதியோர் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பதிவு செய்தோரைவிட வெகுவாகக் குறைந்துகொண்டே போனால், தேர்ச்சி விகிதம் உயர்ந்தாலும் அது நல்ல செய்தி அல்ல. தேறமாட்டோம் என்று பயந்தவர்கள் தேர்வுக்கு வராமலே ஒதுங்கியிருக்கக்கூடும்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே கவனித்துவிடுங்கள். 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றால் பல நாடுகளில் இறுதித் தேர்வுகள் நடக்கவில்லை. பள்ளி அளவிலான மதிப்பீட்டை வைத்து முடிவு அறிவித்தார்கள். அப்படிப்பட்ட ஓர் ஆண்டு உங்கள் ஐந்தாண்டுக்குள் வந்தால் அதைப் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வரைபடத்தில் மற்ற ஆண்டுகளோடு கோட்டால் இணைக்காதீர்கள். தேர்ச்சி மதிப்பெண்ணோ வினாத்தாள் அமைப்போ மாறிய ஆண்டுக்கும் இதேதான்.

வீழ்ச்சி உண்மையிலேயே வீழ்ச்சியா?

இப்போது நம் கணிதப் பாடம். முதல் ஆண்டில் 120 பேர் எழுதி 86 பேர் தேறினார்கள், 72 சதவீதம். ஐந்தாம் ஆண்டில் 160 பேர் எழுதி 105 பேர் தேறினார்கள், 66 சதவீதம். இடையிலும் சீராக இறங்கியே வந்திருக்கிறது. இதைப் பார்த்தவுடன் ‘கணிதம் தொடர் சரிவு’ என்று எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் முதல்முறை எழுதியோர், மறுமுறை எழுதியோர் என்ற இரண்டு வகை மாணவர்களையும் பிரித்துப் பாருங்கள்.

| ஆண்டு | முதல்முறை எழுதியோர் | தேறியோர் | மறுமுறை எழுதியோர் | தேறியோர் | மொத்தத் தேர்ச்சி |
|---|---|---|---|---|---|
| 1 | 100 | 80 | 20 | 6 | 72% |
| 2 | 104 | 84 | 26 | 8 | 71% |
| 3 | 98 | 80 | 38 | 12 | 68% |
| 4 | 102 | 85 | 50 | 16 | 66% |
| 5 | 100 | 84 | 60 | 21 | 66% |

முதல்முறை எழுதியவர்களில் தேர்ச்சி 80 சதவீதத்திலிருந்து 84 ஆகியிருக்கிறது. மறுமுறை எழுதியவர்களில் 30 சதவீதத்திலிருந்து 35 ஆகியிருக்கிறது. இரண்டு பிரிவுமே இறங்கவில்லை. ஆனால் மொத்தம் இறங்கியிருக்கிறது. முன்பு தோற்றவர்கள் இயல்பாகவே குறைந்த விகிதத்தில்தான் தேறுவார்கள்; அவர்கள் 20 பேரிலிருந்து 60 பேராகிவிட்டதால் மொத்த விகிதம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது.

அவர்கள் ஏன் மூன்று மடங்கானார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. நம் கதையில், மூன்றாம் ஆண்டில் பள்ளி ஒரு மாலை வகுப்பைத் தொடங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் கணிதத்தில் தோற்றுப் படிப்பை விட்டவர்கள்கூட அதற்குத் திரும்பி வந்தார்கள். முதல் ஆண்டில் மறுமுறை எழுதித் தேறியவர்கள் 6 பேர். ஐந்தாம் ஆண்டில் 21 பேர். பள்ளி செய்த மிக நல்ல காரியம் ஒன்று அறிக்கையில் சரிவாகத் தெரிகிறது. பிரித்துப் பார்க்காமல் அனுப்பியிருந்தால், ‘விகிதத்தைக் கெடுக்கிறது’ என்று அந்த மாலை வகுப்பைத்தான் முதலில் நிறுத்துவார்கள். எழுதப் படிக்கும் எவருக்கும் இந்த ஓர் அட்டவணை போதும், நான் ஏன் சதவீதத்துக்கு முன் எண்ணிக்கையைக் காட்டச் சொல்கிறேன் என்பது புரிய.

முதல்முறை, மறுமுறை என்பது ஒரு பிரிப்பு மட்டுமே. உங்கள் பள்ளியில் பாடத்தை யார் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி மாறியிருக்கலாம், ஒரு பிரிவு புதிதாகச் சேர்ந்திருக்கலாம், பயிற்று மொழி மாறியிருக்கலாம். எந்தப் பிரிவின் அளவு ஐந்தாண்டில் கணிசமாக மாறியதோ அந்தப் பிரிவால் பிரித்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 80 சதவீதம் 84 ஆனதை ‘முன்னேற்றம்’ என்று உரக்கச் சொல்லாதீர்கள். 100 பேர் எழுதும் பாடத்தில் தேர்ச்சி 80 சதவீதத்தை ஒட்டி இருந்தால், கற்பித்தலில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஓர் ஆண்டின் விகிதம் 8 புள்ளிகள் வரை மேலேயோ கீழேயோ போகலாம். 25 பேர் மட்டும் எழுதும் பாடத்தில் இந்த ஊசலாட்டம் 16 புள்ளிகள் வரை இருக்கும். எனவே ‘குறையவில்லை, மெல்ல ஏறுமுகமாகத் தெரிகிறது’ என்பதே நியாயமான வாக்கியம். 12 பேர் எழுதும் விருப்பப் பாடத்துக்குச் சதவீதமே போடாதீர்கள். அங்கே ஒரு மாணவர் தோற்றால் 8 புள்ளிகள் இறங்கிவிடும். ‘12 பேரில் 10 பேர்’ என்று எழுதுங்கள். ஐந்தாண்டையும் கூட்டி ‘60 பேரில் 52 பேர்’ என்றும் சொல்லலாம். 72 சதவீதம் 66 ஆனால் அது 6 சதவீதப் புள்ளிகள் குறைவு. ‘6 சதவீதம் குறைந்தது’ என்பது வேறு கணக்கு.

தேர்வு நடத்தும் அமைப்பு அந்தப் பாடத்துக்கு வெளியிடும் ஒட்டுமொத்தத் தேர்ச்சி விகிதத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஓர் ஆண்டில் உங்கள் பள்ளி 7 புள்ளிகள் இறங்கி, எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து ஏறத்தாழ அதே அளவு இறங்கியிருந்தால், காரணத்தை உங்கள் வகுப்பறையில் தேடுவதற்கு முன் வினாத்தாளில் தேட வேண்டும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஐந்தாண்டில் விரிகிறதா சுருங்குகிறதா என்பதுதான் உங்கள் பள்ளியைப் பற்றிச் சொல்லும்.

காரணம் என்று எதை எழுதலாம்

ஆசிரியர்களிடம் கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். அந்தக் காரணம் இறங்கிய ஆண்டில் புதிதாக வந்ததா? அந்தப் பாடத்தை மட்டும் தொட்டதா? ‘கைபேசியில் நேரம் போகிறது’ என்பது ஐந்து ஆண்டும் இருந்தது, எல்லாப் பாடத்துக்கும் பொதுவானது. ஒரு பாடம் ஓர் ஆண்டில் இறங்கியதை அது விளக்காது. ‘நான்காம் ஆண்டில் வேதியியல் ஆசிரியர் பணியிடம் ஐந்து மாதம் காலியாக இருந்தது’ என்பது இரண்டு சோதனையிலும் நிற்கும். அதே மாணவர்கள் இயற்பியலில் எப்போதும்போல் தேறி, வேதியியலில் மட்டும் விழுந்திருக்கிறார்களா என்று பட்டியலில் பார்த்தால் அது உறுதியாகும். எல்லாப் பாடத்திலும் விழுந்திருந்தால் காரணம் பாடத்தில் இல்லை, அந்த மாணவர் கூட்டத்தின் வருகையிலோ வேறெதிலோ இருக்கிறது.

ஆனால் உண்மையான காரணம் கிடைப்பது விடைத்தாளில்தான். இறுதித் தேர்வின் விடைத்தாள் பல இடங்களில் பள்ளிக்குத் திரும்பி வராது. அதற்கு முன் நடந்த மாதிரித் தேர்வின் விடைத்தாள்களை எடுங்கள். ஆண்டுதோறும் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடும் பள்ளிகளில், தோல்வி எல்லையில் இருப்பவர்களின் தாள்களையாவது நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நம் கணிதத்தில் ஐந்தாம் ஆண்டு முதல்முறை எழுதித் தோற்றவர்கள் 16 பேர். தேர்ச்சி மதிப்பெண் 35 என்று வைத்துக்கொள்வோம். முதலில் மதிப்பெண்ணைப் பாருங்கள்: 9 பேர் 28 முதல் 34 வரை, 4 பேர் 15 முதல் 27 வரை, 3 பேர் 15க்கும் கீழே. கடைசி மூவரும் எல்லாப் பாடத்திலும் தோற்றவர்கள், மாதக் கணக்கில் பள்ளிக்கு வராதவர்கள். அவர்களுக்குக் கணிதச் சிறப்பு வகுப்பு தீர்வாகாது. அவர்களை அறிக்கையின் வருகைப் பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

மீதி 13 பேரின் மாதிரித் தேர்வுத் தாள்களைப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து வினா வினாவாகப் புரட்டுங்கள். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் நான்கில் ஒரு குறி: எழுதவே இல்லை, தொடங்கிப் பாதியில் விட்டார், முறையே தவறு, முறை சரி கணக்கிட்டதில் பிழை. ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது. இதற்கு ஈடாக ஆசிரியர் கூட்டத்தில் எத்தனை மணி நேரம் பேசினாலும் வராது.

ஒரு தாளைக் கிட்டத்தில் பார்ப்போம். வினா இது: ‘தந்தையின் வயது மகனின் வயதைப்போல் மூன்று மடங்கு. 10 ஆண்டுகளுக்குப் பின் இரண்டு மடங்காக இருக்கும். இருவரின் இப்போதைய வயது என்ன?’ மாணவர் மகனின் வயதை x என்று எடுத்திருக்கிறார். தந்தை 3x. அதுவரை சரி. பிறகு இப்படி எழுதியிருக்கிறார்:

```
3x + 10 = 2x + 10
x = 0
```

மகனுக்கு வயது பூஜ்ஜியம். விடை சரியில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அடித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போயிருக்கிறார். எழுதியிருக்க வேண்டியது 3x + 10 = 2(x + 10). அதிலிருந்து x = 10, தந்தைக்கு 30. அவர் எழுதிய சமன்பாட்டைத் தீர்த்த விதத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிழை சமன்பாட்டைத் தீர்ப்பதில் அல்ல, வாக்கியத்தைச் சமன்பாடாக்குவதில் இருக்கிறது. 10 ஆண்டு கழித்து மகனின் வயதும் கூடும், அந்தக் கூடிய வயதின் இரு மடங்கு என்பதை அவர் அடைப்புக்குறிக்குள் கொண்டுவரவில்லை.

13 தாள்களிலும் இதே வகை திரும்பத் திரும்ப வந்தால், அதாவது சமன்பாட்டை நேராகக் கொடுத்த வினாக்களில் மதிப்பெண் வாங்கியவர்கள் வார்த்தைக் கணக்குகளை எழுதாமல் விட்டிருந்தால் அல்லது முதல் வரியிலேயே தவறியிருந்தால், காரணம் கையில் வந்துவிட்டது. அறிக்கையில் இப்படி எழுதலாம்: ‘தேர்ச்சி எல்லைக்கு அருகில் தோற்றவர்கள் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி வார்த்தைக் கணக்குகளில். சமன்பாடு அமைப்பதில் தடுமாறுகிறார்கள், தீர்ப்பதில் அல்ல.’ இதே மாணவர்களின் மொழிப்பாட மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் பத்தியைப் படித்துப் பதிலளிக்கும் பகுதியில் குறைவாக இருந்தால், கணித ஆசிரியரும் மொழி ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

மறுமுறை எழுதியவர்களை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் எழுதிய 60 பேரில் 24 பேர் மாலை வகுப்புக்குத் தொடர்ந்து வந்தார்கள். அவர்களில் 14 பேர் தேறினார்கள். சரியாக வராத 36 பேரில் 7 பேர்தான் தேறினார்கள். வகுப்பு பயன் தருகிறது என்று இது காட்டுவதாகத் தோன்றும். ஓரளவுக்கு அப்படி இருக்கலாம். ஆனால் தொடர்ந்து வருபவர்கள் ஏற்கெனவே முனைப்பும் ஓய்வும் உள்ளவர்களாக இருப்பார்கள். எல்லா வித்தியாசத்தையும் வகுப்பின் கணக்கில் எழுதிவிடக்கூடாது. இந்த எண்கள் கேட்கச் சொல்வது ஒரு கேள்வியை: அந்த 36 பேர் ஏன் வரவில்லை? கூப்பிட்டுக் கேளுங்கள். பலரும் வேலைக்குப் போகிறவர்கள், வகுப்பு தொடங்கும் நேரத்துக்குள் வந்து சேர முடியவில்லை என்று தெரிந்தால், காரணம் கணிதமே அல்ல.

செயல் திட்டத்தை எழுதுதல்

ஒவ்வொரு நடவடிக்கையும் மேலே கண்ட ஒரு காரணத்தில் தொங்க வேண்டும். எந்தக் காரணத்தோடும் சேராத நடவடிக்கையை, எவ்வளவு நல்லதாகத் தோன்றினாலும், இந்த அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். எழுதும்போது நான்கு விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: யார் செய்வார், எந்த நேரத்தில், அந்த நேரத்தில் முன்பு நடந்த எது நிற்கும், பலன் கிடைத்ததை எப்போது எதை வைத்து அறிவோம். மூன்றாவது விவரத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கால அட்டவணையில் காலியிடம் இல்லை. புதிதாக ஒன்று நுழைந்தால் பழையது ஒன்று வெளியேறத்தான் வேண்டும். அதைச் சொல்லாத திட்டம் இரண்டாம் மாதமே நின்றுவிடும்.

நம் கணிதத்துக்கு முதல் நடவடிக்கை இப்படி அமையும். இரண்டு வாரத்துக்கு ஒரு பாடவேளையில் வார்த்தைக் கணக்குகளுக்குச் சமன்பாடு மட்டும் எழுத வேண்டும், தீர்க்கக்கூடாது. ஒரு வேளையில் எட்டுப் பத்துக் கணக்குகள் பார்க்கலாம், ஏனென்றால் நேரத்தைத் தின்பது தீர்ப்பதுதான். பொறுப்பு பாட ஆசிரியருக்கு. இதற்காக வாராந்திரத் தேர்வை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குகிறோம். பருவத் தொடக்கத்தில் 10 கணக்குகள் கொண்ட ஒரு தாள் கொடுத்து, எத்தனைக்குச் சரியான சமன்பாடு எழுதுகிறார்கள் என்று குறித்துக்கொள்கிறோம். மூன்று மாதம் கழித்து அதே கடினத்தில் வேறு 10 கணக்குகள். 3லிருந்து 4 மட்டுமே ஆகியிருந்தால் முறையை மாற்றுவோம், இறுதித் தேர்வு வரை காத்திருக்கமாட்டோம்.

இரண்டாவது, மாலை வகுப்பின் இரண்டு அமர்வுகளில் ஒன்றை விடுமுறை நாளுக்கு மாற்றுவது. இதன் அளவுகோல் தேர்ச்சி அல்ல, முதல் இரண்டு மாத வருகை. வராத 36 பேர் போன்றவர்களில் பாதிப் பேராவது வரத் தொடங்கவில்லை என்றால் நேரம் மட்டும் காரணமல்ல என்று பொருள்.

‘அடுத்த ஆண்டு கணிதத் தேர்ச்சி 75 சதவீதம்’ என்று மட்டும் இலக்கு எழுதச் சொன்னால், மொத்தத்துக்கு எழுத மறுத்து, இரண்டு பிரிவுக்கும் தனித்தனியே எழுதுங்கள். மொத்தத்துக்கு இலக்கு வைத்தால் அதை எட்டச் சுலபமான வழி, மறுமுறை எழுத வருபவர்களை வாசலிலேயே தடுப்பது. நல்ல மனிதர்கள்கூட எண்ணின் அழுத்தத்தில் அதைச் செய்துவிடுவார்கள்.

இந்த ஆண்டு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்த பாடத்தில் மட்டும் நடவடிக்கை எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அசாதாரணமாக இறங்கிய ஓர் ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, எதுவும் செய்யாவிட்டாலும், பழைய அளவை நோக்கித் திரும்புவதே பெரும்பாலும் நடக்கும். அந்த ஏற்றம் உங்கள் நடவடிக்கையின் பலன் போலத் தோன்றும். அதனால்தான் இடையில் நடத்தும் சிறு தாள்களின் முடிவும் வருகைப் பதிவும் வேண்டும் என்கிறேன். ஒரு பாடத்தை எடுப்பதற்கு அதன் ஐந்தாண்டு நிலையைப் பாருங்கள், கடைசி ஆண்டை மட்டும் அல்ல.

எழுதி முடிக்கும்போது

ஒரு பாடத்துக்கு ஒரு பக்கம் போதும். மேலே எண்ணிக்கை அட்டவணை, அதன் கீழ் ஒரு வரைபடம், பிறகு ‘என்ன நடந்தது’ என்று மூன்று நான்கு வாக்கியம், காரணம் அதன் சான்றோடு, கடைசியில் நடவடிக்கை. வரைபடத்தின் நிமிர்ந்த அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்கட்டும். 60இல் தொடங்கினால் ஆறு புள்ளி இறக்கம் பாதாளம்போலத் தெரியும். தேர்ச்சி விகிதத்தோடு இடைநிலை மதிப்பெண்ணையும், அதாவது மதிப்பெண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதையும், ஒரு வரியில் கொடுங்கள். எல்லையில் இருப்பவர்களை மட்டும் தூக்கிவிட்டு மற்றவர்களைக் கவனிக்காமல் விட்டால், விகிதம் ஏறும்போதே இடைநிலை இறங்குவது அங்கே தெரிந்துவிடும்.

தலைமையாசிரியரிடம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்தப் பாட ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள். தன் பாடத்தைப் பற்றிய சரிவை அவர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் முதன்முதலாகக் கேட்க நேரக்கூடாது. அவர் சொல்லும் திருத்தம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு பிரிவு நடுவில் இரண்டாகப் பிரிந்தது, ஒரு தாள் மறுமதிப்பீட்டில் மாறியது போன்றவை பட்டியலில் இருக்காது, அவருக்குத்தான் தெரியும். மாணவர் பெயர் எந்தப் பக்கத்திலும் வரவேண்டாம். பெயருள்ள பட்டியல் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.

அந்தக் கோப்பின் முதல் தாளில், நீங்கள் எதை எதால் வகுத்தீர்கள், மறுமுறை எழுதுவோர் என்று யாரைக் கணக்கிட்டீர்கள், எந்த ஆண்டை ஏன் கோட்டிலிருந்து பிரித்தீர்கள் என்பதைப் பத்து வரியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இந்த வேலை வேறொருவரிடம் போகலாம். அவர் ஒரு ஆண்டைச் சேர்த்து, பழைய ஆண்டு ஒன்றை நீக்கிவிட்டு, அதே அளவுகோலில் தொடர அந்தப் பத்து வரி தேவைப்படும்.